அண்ணிக்கு எழுதும் நாலு வரி

கல்யாணமான முதல் வருஷத்தில் ஒரு பெண் எழுத வேண்டிவரும் வாழ்த்துகளிலேயே கஷ்டமானது நாத்தனாருக்கு எழுதும் பிறந்தநாள் வாழ்த்துதான் என்பேன். மாமியாருக்குப் போன் பண்ணி, "ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை" என்று சொன்னால் முடிந்தது. மாமனார் பெரும்பாலும் பிறந்தநாளே கொண்டாடாத தலைமுறை. கணவருக்கு என்ன எழுதினாலும் செல்லும். நாத்தனார் இதில் எதிலும் சேராதவர். வயதில் அக்கா மாதிரி, அதிகாரத்தில் சில நேரம் மாமியாருக்குப் பக்கத்தில். கூடவே, நம் கணவரின் சின்ன வயது முழுக்கத் தெரிந்த ஆள். இத்தனைக்கும் பல வீடுகளில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்ட பிறகு மிச்ச முடிச்சுகளைப் பின்னால் நின்று போட்டவர் அவர்தான். நாலு வார்த்தை நேராகப் பேசிக்கொள்வதற்கு முன்பே சடங்கு நம்மை நெருக்கமாக்கிவிடுகிறது. பேச்சு அந்த நெருக்கத்தை எட்ட வருஷக்கணக்கில் ஆகும். வாழ்த்து எழுதும்போது தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்.

எங்கள் குடும்பத்தில் கடிதம், பத்திரிகை வாசகம், இரங்கல் செய்தி எல்லாம் என் தலையில்தான் விழும். போன தையில் கல்யாணமாகி திண்டுக்கல் பக்கம் போன என் சித்தி மகள், நாத்தனாரின் பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி, தான் எழுதியதை அனுப்பி, "அக்கா, இது ஓகேவா பாரு" என்றாள். இப்படி இருந்தது:

"என் உயிர் அண்ணிக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்!!! நீங்கள் எனக்கு அண்ணி இல்லை, இன்னொரு அம்மா. உங்களைப் போல ஒரு அண்ணி கிடைக்க நான் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். எப்போதும் இப்படியே என்னோடு இருங்கள். லவ் யூ ஸோ மச் அண்ணி." அதன் பின்னால் ஒரு வரிசை சிவப்பு இதயங்கள்.

இதில் பொய் ஏதும் இல்லை, அவளுக்கு நாத்தனாரை நிஜமாகவே பிடிக்கும். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கொஞ்சம்தான். கோயிலுக்கு ஒன்றாகப் போனது, ஒரு காதுகுத்து, அப்புறம் தலை ஆடிக்கு இவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்த அன்று. போனில் பேசினால், "சாப்பிட்டீங்களா அண்ணி", "பசங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப் பேசுகிற ஒருத்தி திடீரென்று "என் உயிர்" என்று எழுதினால், வாங்குகிறவருக்கு முதலில் வருவது கூச்சம். பதிலுக்கு அவரும் "லவ் யூ" போட வேண்டுமா, போடாவிட்டால் தப்பாக நினைப்பாளா என்று யோசிக்க வைக்கிறோம். பிறந்தநாளும் அதுவுமாக அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறோம்.

"இன்னொரு அம்மா" என்ற வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை இருபத்தாறு வயதுப் பெண் அம்மா என்று சொல்வதில் உள்ள சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வரியைப் படிக்கப் போவது நாத்தனார் மட்டும் இல்லை. நம் வீடுகளில் ஒரு நல்ல வாழ்த்து வந்தால், "பாரும்மா, தம்பி பொண்டாட்டி என்ன எழுதியிருக்கான்னு" என்று போனைக் கொண்டுபோய் மாமியாரிடம் காட்டுவார்கள். மாமியார் படிப்பார். அம்மா ஸ்தானம் ஏற்கெனவே தனக்கென்று அவர் நினைத்திருந்தால்? இந்தப் பக்கம் பெற்ற அம்மா இருக்கிறார், அவருக்கும் ஸ்கிரீன்ஷாட் ஒருநாள் போய்ச் சேரும். ஒருவரை உயர்த்த எழுதியது இரண்டு பேரைச் சுருக்கென்று குத்தும்.

அதனால் நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இதுதான்: எழுத்து, பேச்சைவிட ஒரு படி மேலே போகலாம், மூன்று படி தாண்டக்கூடாது. நேரில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோமோ அதே விளிதான் வாழ்த்திலும். அவரை அண்ணி என்று கூப்பிட்டால் அண்ணி. நெல்லைப் பக்கம் மதினி என்றால் மதினி. பிராமண வீட்டில் அண்ணன் மனைவியை மன்னி என்று கூப்பிட்டுப் பழகியவர், வாழ்த்தில் மட்டும் "டியர் சிஸ்டர்" என்று எழுதினால் யாரோ ஆபீஸ் ஆள் எழுதின மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் மச்சாள் என்று கூப்பிடுகிறவருக்கு மச்சாள் என்றே எழுதினால்தான் குரல் கேட்கும். "நீங்கள்" என்பதைவிட "நீங்க" போதும், பேச்சில் அப்படித்தானே வருகிறது. "தாங்கள்" வேண்டவே வேண்டாம், அது அழைப்பிதழில் வருவது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லாதவரை வாழ்த்தில் பெயர் சொல்லி எழுதுவதும் அப்படித்தான், பிறந்தநாள் கேக்கில் எழுதியிருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம்.

சரி, வெட்டினால் மிச்சம் என்ன? "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அண்ணி." இது மரியாதைதான், ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது. குடும்பக் குழுவில் ஆளாளுக்கு இதையேதான் போடப் போகிறார்கள். எனவே அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: அவங்க உனக்காகச் செய்து, நீயே கண்ணால் பார்த்தது ஏதாவது ஒன்று சொல். "நல்லவங்க, பாசமா இருப்பாங்க" என்றாள். அது குணம், யாருக்கும் பொருந்தும். எனக்கு வேண்டியது சம்பவம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அக்கா, அந்த வீட்ல எல்லாருக்கும் டீதான். அத்தை எனக்கும் டீ போட்டுக் கொடுத்தாங்க, நான் ஒண்ணும் சொல்லல. மறுநாள் அண்ணி காபிப் பொடி வாங்கிட்டு வந்து வெச்சாங்க. கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல நான் காபி கேட்டதை ஞாபகம் வெச்சிருக்காங்க போல" என்றாள்.

இதுதான் வேண்டியது. இதைவிடப் பெரிய சம்பவம் தேவையே இல்லை, சொல்லப்போனால் பெரியதாக இருந்தால் ஆபத்து. நாத்தனார் நகை கொடுத்தார், பிரசவத்துக்குப் பணம் கொடுத்தார் என்பதையெல்லாம் பிறந்தநாளில் எழுதினால் அது கணக்குத் தீர்ப்பது மாதிரி ஆகிவிடும். காபிப் பொடியில் அந்தச் சிக்கல் இல்லை. செய்தவருக்கே மறந்துபோயிருக்கும், நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்பதுதான் அவருக்குச் சந்தோஷம் தரும்.

ஆனால் அதை எழுதுவதிலும் ஒரு கவனம் தேவை. அவள் உடனே எழுதி அனுப்பியது: "அத்தை டீ போட்டபோது என் மனசைப் புரிந்துகொண்டது நீங்கள் ஒருவர்தான் அண்ணி." போச்சு. மாமியார் இதைப் படித்தால் அடுத்த முறை டீ டம்ளர் எப்படி மேஜையில் வைக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். "நீங்கள் ஒருவர்தான்", "நீங்கள் மட்டும்தான்", "யாருமே செய்யாததை" என்று வரும் இடங்களையெல்லாம் தேடி அடித்துவிட வேண்டும். ஒருவரைப் பாராட்டும் வரியில் இன்னொருவருக்கு மார்க் குறையக்கூடாது. அதே மாதிரி, ரகசியமாகத் தெரிந்த விஷயத்துக்கும் வாழ்த்தில் இடமில்லை. நாத்தனாருக்குத் தைராய்டு, அவர் வேலையை விடப்போகிறார், வீட்டுக்கடன் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் கணவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். "இந்த வருஷம் உங்கள் கஷ்டமெல்லாம் தீரட்டும்" என்று நல்ல மனசோடு எழுதினாலும், "ஓ, இவன் எல்லாத்தையும் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டானா" என்றுதான் அவர் முதலில் நினைப்பார்.

கடைசியில் போனது இது:

"அண்ணி, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நான் வந்த மறுநாளே கேட்காமலேயே காபிப் பொடி வாங்கி வெச்சீங்க. புது வீடுங்கிற கூச்சம் எனக்குப் போனது அன்னிக்குத்தான். இந்த வருஷம் உடம்பும் மனசும் நல்லா இருக்கணும் உங்களுக்கு. அண்ணனையும் பசங்களையும் கேட்டதாச் சொல்லுங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். இன்லேண்ட் லெட்டர் காலத்தில் எல்லாக் கடிதமும் இப்படித்தான் முடியும், "வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று. இப்போது யாரும் எழுதுவதில்லை. மச்சான், மச்சினி, நாத்தனார், கொழுந்தன் எந்த உறவாக இருந்தாலும் இந்த வரி நல்ல வேலை செய்யும். அதற்கு முந்தைய வரி வரைக்கும் இரண்டு பேருக்குள் இருந்த பேச்சை இது குடும்பத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறது. குறிப்பாக ஓர் ஆண் தன் மனைவியின் தங்கைக்கு எழுதும்போது இதை விடவே கூடாது. அந்த உறவைச் சுற்றிச் சினிமாவிலும் கல்யாண வீட்டிலும் கேலி இருக்கிறது. வாழ்த்தில் ஒரு சின்ன வழிசல் வந்தாலும் அவள் கணவனுக்கும் உங்கள் மனைவிக்கும் ஒரே நேரத்தில் உறுத்தும். அழகு, புடவை, "இன்னும் காலேஜ் பொண்ணு மாதிரியே இருக்கே" எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு அவள் செய்த ஒரு வேலையைப் பாராட்டுங்கள். போன மாதம் அவள் தேர்வு பாஸ் பண்ணியிருக்கலாம், மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி துணைக்குப் படுத்திருக்கலாம். பெயருக்குப் பின்னால் "மா" போடும் பழக்கம் பேச்சில் இருந்தால் மட்டும் எழுத்திலும் போடுங்கள்.

மச்சான், மாப்பிள்ளை என்று அழைத்துக்கொள்கிற ஆண்களுக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. நேரில் ஒரே கேலியாக இருக்கும், "என்ன மாப்ள, தொப்பை வருது, வசதியாயிட்ட போல" என்று. அதில் ஒரு சிரிப்பு, தோளில் ஒரு தட்டு எல்லாம் சேர்ந்தே இருக்கும். திரையில் எழுத்து மட்டும் தனியாகப் போய் நிற்கிறது. அதுவும் குடும்பக் குழுவில் போட்டால் அவர் மனைவி, அதாவது உங்கள் அக்காவோ தங்கையோ, படிக்கிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள். உடம்பு, தலைமுடி, சம்பளம், வேலை, கல்யாணமாகாத மச்சினனின் கல்யாணம் ஆகிய ஐந்தையும் தொடாமல் கேலி பண்ண முடிந்தால் பண்ணலாம். கிரிக்கெட், அவர் ஓட்டும் பழைய வண்டி, சீட்டாட்டத்தில் அவர் அழுகுணி ஆட்டம், இதெல்லாம் தாங்கும். அக்கா கணவர் உங்களைவிடப் பத்து வயது மூத்தவர், மாமா என்றோ அத்தான் என்றோ அத்திம்பேர் என்றோ கூப்பிடுகிறீர்கள் என்றால் கேலி அவர் பக்கத்திலிருந்து வரட்டும், நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

மூத்தவர்களுக்கு எழுதும்போது இன்னொன்று. சுவரொட்டிகளில், "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று போடுவார்கள். தலைவர்களுக்கு அது சரி, மாமாவுக்கு எழுதினால் கிண்டல் மாதிரி ஒலிக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் மரபு நிஜமானது. சின்னவர்கள் பெரியவர்களுக்கு ஆசி சொல்வதில்லை, கேட்பார்கள். எனவே "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று ஐம்பத்தெட்டு வயது மாமாவுக்கு அனுப்பாதீர்கள், அது கல்யாணத்துக்கு உரியது. "தீர்க்க சுமங்கலியாக இருங்கள்" என்று மூத்த அண்ணிக்கு எழுதுவதும் அப்படித்தான், அது அவர் நமக்குச் சொல்ல வேண்டியது. "நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கணும் மாமா, எங்களையும் ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றால் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

அறுபது மட்டும் தனிக் கணக்கு. தமிழ் வருஷங்கள் அறுபது, ஒரு சுற்று முடிந்து அதே பெயர் திரும்ப வரும். 1966 சித்திரை தொடங்கி 1967 பங்குனி வரை பராபவ வருஷத்தில் பிறந்தவர்களுக்கு 2026 சித்திரையில் மறுபடி பராபவ வருகிறது. அந்த வருஷத்தில் அவர்களுடைய ஜென்ம நட்சத்திர நாளில் பல வீடுகளில் அறுபதாம் கல்யாணம் வைப்பார்கள், சிலர் திருக்கடையூர் போவார்கள். அது தம்பதிக்கான நாள். மாமாவுக்கு மட்டும் வாழ்த்து எழுதி அக்காவை விட்டுவிட்டால் பாதிதான் எழுதியிருக்கிறோம். "உங்க ரெண்டு பேருக்கும்" என்று தொடங்குங்கள்.

தேதி விஷயத்தில் ஏமாறுவது மிகச் சுலபம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்குப் பிறகும்கூடக் கிராமங்களில் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள். கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொண்டது நிறைய நடந்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும், அதற்குள் வயது நிரம்பியிருக்க வேண்டும், எனவே மே மாதத் தேதி ஒன்று. ஐம்பது தாண்டிய சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு மே மாதப் பிறந்தநாள் என்று பாருங்கள், புரியும். ஃபேஸ்புக் காட்டுவது இந்தச் சர்டிபிகேட் தேதியைத்தான். நிஜப் பிறந்தநாள் ஐப்பசியில் இருக்கும், சில வீடுகளில் அதுவும் நட்சத்திரப்படி, வருஷாவருஷம் தேதி மாறும். கணவரிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தங்கள் அக்கா பிறந்தநாளே தெரியாது, அப்போது மாமியாரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்டதே மாமியாருக்குப் பிடிக்கும் என்பது உபரி.

நேரமும் முக்கியம். ராத்திரி 12 மணி அவரவர் வீட்டாருக்கும் கூடப்படித்தவர்களுக்கும். சம்பந்தி வழி உறவுக்குக் காலை 7 மணிக்கு மேல், சமையல் பரபரப்பு அடங்கும் நேரம் பார்த்து அனுப்பலாம். குழுவில் முதலில் அவர் கணவரோ பிள்ளைகளோ அம்மாவோ போடட்டும், அதற்குப் பிறகு நீங்கள் அங்கே ஒரு சின்ன வாழ்த்து போட்டுவிட்டு, காபிப் பொடி மாதிரியான வரியைத் தனியாக அனுப்புங்கள். இரண்டு நாத்தனார்கள் இருக்கும் வீடு என்றால் கொஞ்சம் கூடுதல் கணக்கு உண்டு. பெரியவருக்குப் பத்து வரி, சின்னவருக்கு ஒரு ஸ்டிக்கர் என்று போனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். குழுவில் இருவருக்கும் ஒரே நீளம், தனிச்செய்தியில் உங்கள் மனசு போல. மற்றவர் அனுப்பிய ரோஜாப்பூப் படத்தை அப்படியே திருப்பி அனுப்புவதாக இருந்தால், அது வேறு இடத்திலிருந்து பகிரப்பட்டது என்று மேலே அம்புக்குறியோடு தெரியும் என்பதையாவது நினைவில் வையுங்கள்.

அந்த வீட்டில் வருஷத்துக்குள் துக்கம் நடந்திருந்தால் பல குடும்பங்களில் பிறந்தநாள் கொண்டாட மாட்டார்கள். வாழ்த்தே அனுப்பாமல் இருப்பதும் சரியில்லை, பட்டாசு ஸ்டிக்கரும் சரியில்லை. "அண்ணி, இன்னிக்கு உங்களை நினைச்சுக்கிட்டேன். மாமா ஆசி எப்பவும் உங்களுக்கு இருக்கும்" என்று எழுதலாம், அல்லது சாயங்காலம் ஒரு போன். பிறந்தநாள் என்ற வார்த்தையே வர வேண்டியதில்லை.

அப்புறம் பதில். அண்ணியிடமிருந்து பதில் வந்தது: "ரொம்ப சந்தோஷம்மா. காபிப் பொடியெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கியா. லீவுக்கு ரெண்டு பேரும் வாங்க." கும்பிடும் கை ஒன்று. என் சித்தி மகள் அதற்கும் நீளமாக ஒன்று தட்டிவைத்துக்கொண்டு என்னிடம் அனுப்பினாள். அது வேண்டாம் என்றேன். அவர் அழைத்திருக்கிறார், அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். போக முடியுமா என்று கணவரிடம் கேட்டாள், அவருக்குத் தீபாவளிக்கு மறுநாள் லீவு இருந்தது. "தீபாவளிக்கு மறுநாள் வர்றோம் அண்ணி" என்று மட்டும் அனுப்பினாள்.